ஸ்கேல் விழும் நேரமும் கார் ஓடும் தூரமும்

ஒரு 500 ரூபாய் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நெட்டுக்குத்தாகத் தொங்கவிட்டு மேல் விளிம்பை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவர் தன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நோட்டின் நடுப்பகுதிக்கு இரண்டு பக்கமும், அதில் படாமல் வைத்துக்கொள்ளட்டும். "நான் விட்டதும் பிடித்துவிட்டால் நோட்டு உனக்கு" என்று பந்தயம் கட்டுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் விட்டீர்களானால், பணம் பெரும்பாலும் உங்களிடமே திரும்பி வரும். எதிராளி நிதானமில்லாமல் விரலை முன்கூட்டியே மூடுகிறவராக இருந்தால் மட்டும் எப்போதாவது தோற்பீர்கள்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. நோட்டின் நீளம் 15 செ.மீ. நடுவிலிருந்து மேல் விளிம்பு வரை ஏழரை செ.மீ. இந்த ஏழரை சென்டிமீட்டரும் விரல்களைக் கடந்து போக ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்குதான் ஆகிறது. கண்ணால் பார்த்து, மூளைக்குத் தெரிந்து, விரல் மூடுவதற்கோ ஐந்தில் ஒரு பங்கு நொடி வேண்டும். இந்த ஐந்தில் ஒரு பங்கைத்தான் எதிர்வினை நேரம் என்கிறோம். நோட்டுக்குப் பதிலாக 30 செ.மீ. ஸ்கேலைத் தொங்கவிட்டால் பந்தயம் பரிசோதனையாக மாறிவிடும். எந்த இடத்தில் விரல் பிடித்தது என்று பார்த்தாலே ஆளின் எதிர்வினை நேரம் தெரிந்துவிடும். ஸ்டாப்வாட்ச் தேவையில்லை.

ஸ்கேல் எப்படிக் கடிகாரமாகிறது? கையை விட்ட பொருள் பூமியை நோக்கி ஒரே ஒழுங்கில்தான் வேகம் பிடிக்கிறது. ஸ்கேல் மரமா, பிளாஸ்டிக்கா, இரும்பா என்பது பொருட்டில்லை. இவ்வளவு குறைந்த தூரத்தில் காற்றின் தடையையும் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. முதல் பத்தில் ஒரு பங்கு நொடியில் அது விழுவது 5 செ.மீ. அடுத்த பத்தில் ஒரு பங்கில் 15 செ.மீ., அதற்கடுத்ததில் 25 செ.மீ. ஒன்று, மூன்று, ஐந்து என்ற இந்த ஒற்றைப்படை வரிசையை 17ஆம் நூற்றாண்டில் கலிலியோ கண்டுகொண்டார். கூட்டிப் பார்த்தால் 0.1 நொடியில் 5 செ.மீ., 0.2 நொடியில் 20 செ.மீ. நேரம் இரட்டிப்பானால் தூரம் நான்கு மடங்கு. இதைத் திருப்பிப் போட்டால் நமக்கு வேண்டிய சூத்திரம் கிடைக்கும்:

t = √(d / 490)

இதில் d என்பது ஸ்கேல் விழுந்த தூரம், சென்டிமீட்டரில். t என்பது நொடி. 490 என்பது புவியீர்ப்பு முடுக்கமான 980இல் பாதி. இந்த வர்க்கமூலத்தில் நமக்கு ஒரு சலுகையும் இருக்கிறது. 20 செ.மீ. என்று படிக்க வேண்டியதை 21 என்று தப்பாகப் படித்துவிட்டால் தூரத்தில் 5 சதவீதம் பிழை. ஆனால் நேரத்தில் அதில் பாதிதான், அதாவது 5 மில்லி நொடி. கண்பார்வைக்குத் தோராயமாகப் படிக்கும் ஒரு பரிசோதனைக்கு இது பெரிய உதவி.

செய்முறை எளிது. ஆனால் கவனம் பிசகினால் எண் கெட்டுவிடும். பிடிப்பவர் உட்கார்ந்து, முழங்கையை மேசைமேல் ஊன்றி, கையை மட்டும் விளிம்புக்கு வெளியே நீட்டட்டும். விரல்களுக்கு நடுவே இரண்டு செ.மீ. இடைவெளி போதும். ஒவ்வொரு முறையும் அதே இடைவெளி இருக்க வேண்டும். அதிகமாக விரித்தால் விரல் மூடும் நேரமும் கணக்கில் ஏறிவிடும். ஸ்கேலின் பூஜ்யக்கோடு கட்டைவிரலின் மேல்விளிம்புக்கு நேராக இருக்கட்டும். பிடித்த பிறகு அதே மேல்விளிம்பில் அளவைப் படியுங்கள். பல பிளாஸ்டிக் ஸ்கேல்களில் நுனிக்கும் பூஜ்யக்கோட்டுக்கும் இடையே அரை சென்டிமீட்டர் அளவுக்கு வெற்றிடம் இருக்கும். நுனியை வைத்து அளப்பவர்கள் அங்கேயே பிழை செய்துவிடுகிறார்கள். விடுபவர் 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்லக் கூடாது. சில சமயம் இரண்டு நொடி, சில சமயம் ஐந்து நொடி என்று காக்கவைத்து விட வேண்டும்.

ஒருவர் பத்து முறை பிடித்ததில் இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 24, 19, 21, 17, 22, 9, 20, 18, 23. மீதி ஒரு முறை ஸ்கேல் கையில் சிக்காமல் விழுந்துவிட்டது. இதில் இரண்டு எண்கள் உறுத்துகின்றன. 9 செ.மீ. என்றால் 0.14 நொடி. மற்ற எல்லாம் 0.19, 0.22 என்று இருக்கும்போது இது மட்டும் எப்படி? அவர் ஸ்கேல் விழுவதைப் பார்த்துப் பிடிக்கவில்லை, 'இப்போது விடுவார்' என்று ஊகித்து மூடியிருக்கிறார். தடகளப் போட்டிகளிலும் இதே சந்தேகம்தான் விதியாகியிருக்கிறது. துப்பாக்கிச் சத்தத்துக்கு 0.1 நொடிக்கும் குறைவாக எதிர்வினை காட்டும் ஓட்டக்காரர் சத்தத்தைக் கேட்டு ஓடவில்லை, முந்திக்கொண்டார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, கைநழுவிப்போனது. ஆட்கள் பெரும்பாலும் இதை 'கணக்கில் சேராது' என்று அடித்துவிடுகிறார்கள். அதுதான் இந்தப் பரிசோதனையில் நடக்கும் மிகப் பெரிய தில்லுமுல்லு. 30 செ.மீ. ஸ்கேல் முழுதும் விழுந்து போக 0.25 நொடி. அதைவிட மெதுவான எதிர்வினையை அந்த ஸ்கேலால் காட்டவே முடியாது. மெதுவானவற்றையெல்லாம் எறிந்துவிட்டு மிச்சத்துக்குச் சராசரி போட்டால் எல்லோருமே வேகமானவர்களாகத்தான் தெரிவார்கள். நீளமான ஸ்கேல் கிடைக்காவிட்டால் வழி உண்டு. சராசரியை விட்டுவிட்டு இடைநிலை அளவை எடுங்கள். பத்தையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, கைநழுவியதைக் கடைசியில் போட்டால், நடுவில் வருபவை 20, 21. ஆக 20.5 செ.மீ., சூத்திரத்தில் போட்டால் 0.205 நொடி. ஊகித்துப் பிடித்த 9-ம், பிடிக்காமல் விட்டதும் வரிசையின் இரண்டு ஓரங்களில் போய் உட்கார்ந்துகொள்வதால் நடுவைக் கெடுக்கவில்லை.

அந்த 0.2 நொடி எங்கே செலவாகிறது? விழித்திரையில் விழுந்த ஒளி வேதிமாற்றமாகி, நரம்புத் துடிப்பாகிப் புறப்படவே நொடியில் சில நூறில் பங்குகள் போய்விடுகின்றன. பிறகு மூளையின் பின்பகுதி அதைக் காட்சியாக்க வேண்டும், இயக்கப் பகுதி கட்டளையிட வேண்டும், அது தண்டுவடம் வழியே இறங்கிக் கைத்தசையை இழுக்க வேண்டும். காதுக்கு இந்த முதல் தாமதம் குறைவு. அதனால் சத்தத்துக்கு நாம் காட்டும் எதிர்வினை ஒளிக்குக் காட்டுவதைவிடச் சற்று வேகமானது. பயிற்சியால் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் 0.2ஐ 0.1 ஆக்க எந்தப் பயிற்சியும் உதவாது.

இனி சாலைக்கு வருவோம். 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடிக்கு எத்தனை மீட்டர் ஓடும்? வேகத்தை 3.6 ஆல் வகுத்தால் போதும்: 16.7 மீட்டர். நம் ஸ்கேல்காரரின் 0.2 நொடியால் பெருக்கினால் 3.3 மீட்டர். சிறிய கார் ஒன்றின் நீளம்கூட இல்லை. பள்ளிச் செயல்முறை ஏடுகளில் கணக்கு பல நேரம் இங்கேயே முடிந்துவிடுகிறது. 'ஓட்டுநர் பிரேக் போடுவதற்குள் கார் மூன்று மீட்டர் ஓடிவிடும்' என்று எழுதி அடிக்கோடு போட்டுவிடுகிறார்கள். பெருக்கல் சரி. முடிவு தவறு, அதுவும் ஆபத்தான பக்கத்தில் தவறு.

ஸ்கேலைப் பிடிக்க உட்கார்ந்தவருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். எதைப் பார்க்க வேண்டும், அது எங்கே இருக்கிறது, நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. விரலும் தயாராகக் காத்திருக்கிறது. நடக்குமா என்ற கேள்விகூடக் கிடையாது, எப்போது என்பதுதான். ஓட்டுநருக்கு இதில் எதுவுமே தெரியாது. கண் எங்கோ இருக்கிறது. ஓரத்தில் ஏதோ அசைகிறது. அது நிழலா, நாயா, மனிதனா? நம் பாதைக்கு வருமா, நிற்குமா? பிரேக்கா, ஹாரனா, ஸ்டீயரிங்கைத் திருப்புவதா? 1868இலேயே டச்சு மருத்துவ அறிஞர் டோண்டர்ஸ் இதை அளந்து காட்டியிருக்கிறார். ஒரே குறிக்கு ஒரே பதில் என்றிருக்கும்போது ஆகும் நேரத்தைவிட, பல குறிகளில் எது வந்தது என்று பார்த்து அதற்கேற்ற பதிலைத் தேர்ந்தெடுக்க ஆகும் நேரம் அதிகம். அந்த அதிகப்படி மூளை யோசிப்பதற்கான விலை.

இதற்கு மேல் கால் இருக்கிறது. ஆக்சிலரேட்டரில் இருக்கும் பாதத்தைத் தூக்கி, பக்கவாட்டில் நகர்த்தி, பிரேக்கின் மேல் வைத்து அழுத்தவே இன்னொரு 0.2, 0.3 நொடி போய்விடும். காரில் அழுத்திய உடனே பிரேக் பிடிக்கும். காற்றழுத்த பிரேக் உள்ள லாரி, பேருந்துகளில் காற்று குழாய் வழியே ஓடிச் சக்கரத்தை எட்ட ஏறத்தாழ அரை நொடி வரை கூடும்.

அப்படியானால் உண்மையான எண் எவ்வளவு? ஸ்வீடனில் யோஹான்சன், ரூமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1971இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் இன்றும் பேசப்படுகிறது. 321 ஓட்டுநர்களிடம், 'போகும் வழியில் எங்காவது ஹாரன் சத்தம் கேட்கும், கேட்டதும் பிரேக்கைத் தொடுங்கள்' என்று முன்னதாகவே சொல்லி அனுப்பினார்கள். இப்படி எதிர்பார்த்துக்கொண்டு போனவர்களிடமே இடைநிலை நேரம் 0.66 நொடி. ஸ்கேல் நேரத்தைப் போல மூன்று மடங்கு. சிலருக்கு அது இரண்டு நொடியைத் தொட்டது. சத்தம் வரப்போகிறது என்று தெரியாதிருந்தால் இன்னும் 35 சதவீதம் கூடும் என்று வேறொரு சோதனையிலிருந்து கணித்து, சுமார் 0.9 நொடி என்றார்கள். சத்தத்துக்கே இந்த நிலை. ஹாரனில் 'இது என்ன?' என்ற குழப்பம் கிடையாது. சாலையில் திடீரென்று யாரோ குறுக்கே வரும்போது ஒன்றரை நொடி என்று வைத்துக்கொள்வது பொதுவான வழக்கம்.

சாலை போடுகிறவர்கள் அதையும் போதாது என்கிறார்கள். வளைவிலும் மேட்டிலும் ஓட்டுநருக்கு முன்னால் எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்று கணக்கிடும்போது, இந்தியச் சாலைகள் மன்றம் எடுத்துக்கொள்ளும் எதிர்வினை நேரம் இரண்டரை நொடி. அமெரிக்காவிலும் அதே இரண்டரைதான். இது சராசரி ஆளுக்கான எண் இல்லை. வயதானவர், களைத்தவர், இரவெல்லாம் ஓட்டிவிட்டு விடிகாலையில் கண் எரிச்சலோடு வருபவர் என்று ஏறக்குறைய எல்லோரையும் உள்ளடக்கும் எண். அதன்படி 60 கி.மீ. வேகத்துக்கு ஓட்டுநரின் கண்ணுக்கு 80 மீட்டர் சாலை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது மன்றத்தின் கணக்கு. இதில் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பு ஓடுவது மட்டும் ஏறத்தாழ 42 மீட்டர், பாதிக்கும் மேல். மிச்சம் பிரேக் பிடித்து நிற்கும் தூரம்.

இந்த எண்களை ஒரு சம்பவத்தில் போட்டுப் பார்ப்போம். நிறுத்தத்தில் ஒரு டவுன் பஸ் நிற்கிறது. அதன் முன்பக்கத்திலிருந்து ஒரு சிறுவன் சாலையைக் கடக்க ஓடிவந்து, காரைக் கண்டு நடுவில் திகைத்து நின்றுவிடுகிறான். அவன் கண்ணில் படும்போது கார் 35 மீட்டர் தூரத்தில், 60 கி.மீ. வேகத்தில் வருகிறது. சாலை காய்ந்திருக்கிறது, டயரும் பிரேக்கும் நன்றாக இருக்கின்றன. முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தால் ஒவ்வொரு நொடிக்கும் வேகம் சுமார் 25 கி.மீ. குறையும். அப்படிக் குறைந்து நிற்க 20 மீட்டர் வேண்டும்.

ஸ்கேலின் 0.2 நொடியை நம்பினால், பிரேக்குக்கு முன் 3.3, பின் 20, ஆக 23 மீட்டர் சொச்சத்தில் கார் நின்றுவிடும். சிறுவனுக்கும் காருக்கும் நடுவே இன்னும் பதினோரு மீட்டர் இருக்கும். ஸ்வீடன் ஓட்டுநர்களைப் போல விழிப்போடு 0.7 நொடியில் பிரேக் போட்டால் 12 மீட்டரும் 20 மீட்டரும் சேர்ந்து 32. இதிலும் தப்பினான். ஆனால் நடைமுறையில் எதிர்பார்க்க வேண்டிய ஒன்றரை நொடியை எடுத்துக்கொண்டால், பிரேக்கைத் தொடுவதற்குள்ளேயே கார் 25 மீட்டர் ஓடிவிட்டது. மிச்சம் 10 மீட்டர்தான். அதில் வேகம் 60லிருந்து 43 வரைதான் குறையும். 43 கி.மீ. வேகத்தில் கார் அவன்மேல் மோதுகிறது. எதிர்வினை இரண்டரை நொடியானாலோ, கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே மோதல் முடிந்துவிடும். சாலையில் டயர் தேய்ந்த தடம்கூட இருக்காது. 'பிரேக்கே போடவில்லை' என்று பார்த்தவர்கள் சாட்சி சொல்வார்கள். ஓட்டுநர் போட்டதாகச் சத்தியம் செய்வார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

இதே சம்பவத்தில் மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, காரின் வேகத்தை மட்டும் 50 ஆக்கிப் பாருங்கள். எதிர்வினை அதே ஒன்றரை நொடி. பிரேக்குக்கு முன் ஓடியது 20.8 மீட்டர், பின் ஓடியது 14.1. மொத்தம் 34.9. அரைச்சாண் தூரத்தில் கார் நின்றுவிட்டது. 50இல் வந்தவர் சிறுவனைத் திட்டிவிட்டுப் போவார். 60இல் வந்தவர் 43 கி.மீ. வேகத்தில் அவனை மோதுவார். பத்து கி.மீ. வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிதாகிறது? வேகம் கூடினால் பிரேக்குக்கு முன் ஓடும் தூரம் அதே விகிதத்தில் கூடுகிறது. பின் ஓடும் தூரமோ வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. போதாததற்கு, மோதும் வரை மிச்சமிருக்கும் அந்தக் கடைசி மீட்டர்களில்தான் வேகத்தின் பெரும்பங்கு குறைகிறது. அவற்றை இழந்தால் முழு அடியும் விழும்.

ஸ்கேல் பரிசோதனையில் ஒருவர் 0.18 நொடியும் அடுத்தவர் 0.22 நொடியும் வாங்கினால் வகுப்பே கைதட்டும். 60 கி.மீ. வேகத்தில் அந்த வித்தியாசத்தின் மதிப்பு 67 செ.மீ. விழிப்போடு ஓட்டுபவரின் 0.7 நொடிக்கும், கவனம் வேறெங்கோ இருப்பவரின் ஒன்றரை நொடிக்கும் உள்ள வித்தியாசம் 13 மீட்டர். கைபேசியைப் பார்க்க இரண்டு நொடி குனிந்தால், எதிர்வினை தொடங்குவதற்கே முன்னால் 33 மீட்டர் போய்விடுகிறது. 'எனக்கு ரிஃப்ளெக்ஸ் ஜாஸ்தி' என்று பெருமையடிக்கும் இளைஞர்கள் பேசுவது அந்த 67 சென்டிமீட்டரைப் பற்றித்தான்.

மனக்கணக்காக வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. ஸ்பீடோமீட்டரில் தெரியும் எண்ணில் பாதி எவ்வளவோ, அத்தனை மீட்டர் பிரேக்கைத் தொடுவதற்குள் ஓடிவிடும் என்று கொள்ளுங்கள். 60 என்றால் 30, 80 என்றால் 40, 100 என்றால் 50 மீட்டர். இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் எதிர்வினை நேரம் 1.8 நொடி. ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் இடையில் நியாயமான இடம்தான்.

முன்னால் போகும் வண்டிக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது. முன் வண்டி பிரேக் போட்டால் அதுவும் சில மீட்டர் ஓடித்தான் நிற்கும். உங்கள் வண்டியும் அதே போல் ஓடித்தான் நிற்கும். இரண்டின் பிரேக் திறனும் ஏறக்குறைய ஒன்று என்றால், இடைவெளி ஈடுகட்ட வேண்டியது உங்கள் எதிர்வினை நேரத்தை மட்டும்தான். அதனால்தான் பல நாடுகளில் ஓட்டுநர்களுக்கு இரண்டு நொடி இடைவெளி விடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்தக் கணக்கு ஓர் இடத்தில் தோற்கும். முன் வண்டி பிரேக் போடாமல், சாலையோரம் விளக்கில்லாமல் நிற்கும் லாரியில் மோதி அந்த இடத்திலேயே நின்றுவிட்டால் இரண்டு நொடி போதாது. பெரிய வண்டியின் முதுகுக்குப் பின்னால், முன்னே இருப்பது தெரியாமல் ஓட்டும்போது கூடுதல் இடைவெளி வேண்டும் என்பது இதற்காகத்தான்.

இரண்டு நொடியை எப்படி அளப்பது? முன் வண்டி ஒரு மைல்கல்லையோ மின்கம்பத்தையோ தாண்டும்போது 'நூற்றி ஒன்று, நூற்றி இரண்டு' என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்தக் கம்பத்தைத் தாண்டிவிட்டால் நெருக்கமாகப் போகிறீர்கள். அந்த இரண்டு எண்ணும் உங்கள் வாயில் சரியாக இரண்டு நொடி எடுக்கிறதா என்று முதலில் வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் நூற்றி நான்கு வரை எண்ணுங்கள்.